எத்தனை விமானம் விற்றால் முதல் தேறும்?

1971 கோடையில் லாக்ஹீட் நிறுவனம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் கைநீட்டி நின்றது. அது கட்டிக்கொண்டிருந்த டிரைஸ்டார் என்ற பெரிய பயணிகள் விமானத்துக்கு எஞ்சின் செய்துகொடுத்த ரோல்ஸ் ராய்ஸ் பிப்ரவரியிலேயே நொடித்துப்போயிருந்தது. வங்கிகள் மேற்கொண்டு கடன் தர வேண்டுமானால், 25 கோடி டாலருக்கு அரசு ஜாமீன் நிற்க வேண்டும். ஏறத்தாழ 200 விமானம் விற்றால் போட்ட பணம் திரும்பிவிடும் என்று நிறுவனம் கணக்குச் சொன்னது. செனட்டில் 49-க்கு 48 என்று ஒரே ஓட்டில் ஜாமீன் நிறைவேறியது.

அந்த 200 சரியான எண்தானா? 1973-ல் ஊவே ரைன்ஹார்ட் என்ற பொருளாதார அறிஞர் இதே கேள்வியை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். போட்ட பணம் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடப்பதற்கும் ஒரு விலை உண்டு, நிறுவனத்தின் கணக்கில் அது சேரவில்லை என்பதே அவர் எடுத்துக்காட்டிய குறை.

அந்த விலை எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குப் போட்டால்தான் தெரியும். புரிவதற்காக எண்களை எளிதாக்கிக்கொள்கிறேன். இவை லாக்ஹீட்டின் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்தவை அல்ல. விமானத்தை வடிவமைத்துச் சோதிக்க 5 ஆண்டு, ஆண்டுக்கு 18 கோடி, மொத்தம் 90 கோடி டாலர் செலவு. பிறகு 6 ஆண்டு விற்பனை. ஒரு விமானத்தின் விலை 160 லட்சம், கட்டும் செலவு 130 லட்சம். கையில் நிற்பது 30 லட்சம். 90 கோடியை 30 லட்சத்தால் வகுத்தால் 300. முந்நூறு விமானம் விற்றால் முதல் வந்துவிட்டது என்று வழக்கமான கணக்கு முடிந்துவிடும்.

ஆனால் முதல் ஆண்டில் போட்ட 18 கோடி சும்மா கிடக்கவில்லை. அதே அளவு ஆபத்துள்ள வேறொரு தொழிலில் போட்டிருந்தால் ஆண்டுக்கு 10 சதவீதம் ஈட்டியிருக்கும் என்று வைப்போம். வட்டிக்கு வட்டி சேர்த்தால், விற்பனை தொடங்கும் நாளில் அந்த 90 கோடி சுமார் 110 கோடியாக நிற்கிறது. வரப்போகும் பணமோ எதிர்த்திசையில் தேய்கிறது. 6 ஆண்டுக்கு ஆண்டுதோறும் வரும் ஒரு டாலர், 6 டாலர் ஆகாது. இன்றைய மதிப்பில் 4.36 டாலர்தான். வருவதன் இன்றைய மதிப்பிலிருந்து போட்டதன் இன்றைய மதிப்பைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நிகர நிகழ்கால மதிப்பு. அது சரியாகச் சுழியமாக வேண்டுமானால் 110 கோடியை 4.36-ஆல் வகுக்க வேண்டும்: ஆண்டுக்கு ஏறத்தாழ 25.2 கோடி. அதாவது ஆண்டுக்கு 84 விமானம், 6 ஆண்டில் 505. முந்நூறோடு நின்றால், விற்பனை தொடங்கும் நாளின் மதிப்பில் சுமார் 45 கோடி டாலர் நட்டம். புத்தகம் மட்டும் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்று காட்டும்.

இந்தக் கணக்கில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. சமநிலை எண் என்பது மொத்த எண்ணிக்கையோடு முடிவதில்லை. எவ்வளவு வேகத்தில் விற்கிறோம் என்பதும் அதில் அடங்கும். ஆண்டுக்கு 35 விமானம்தான் விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருவது 10.5 கோடி. 110 கோடிக்கு ஓராண்டு வட்டியே 11 கோடி! வட்டிக்கே போதாத வரவு முதலை எப்படி அடைக்கும்? 300 என்ன, காலமெல்லாம் விற்றாலும் சுழியத்தைத் தொட முடியாது.

இன்னொரு சிக்கல், 30 லட்சம் என்ற எண்ணே நிலையானதல்ல. விமானம் கட்டக்கட்டத் தொழிலாளர்களுக்குக் கை பழகி, ஒவ்வொன்றின் செலவும் குறையும். செலவு 120 லட்சத்துக்கு இறங்கினால் 505 என்பது 380-க்கு வந்துவிடும். அதனால் முதலில் ஒரு விற்பனை அளவை ஊகித்து, அதற்குரிய செலவைப் போட்டு, மதிப்பு சுழியத்துக்கு வரும்வரை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். விமானக் கம்பெனிகள் முன்பணம் கட்டினால் எண் இன்னும் இறங்கும். வேலை ஓராண்டு தள்ளிப்போனால் ஏறும்.

கிடைத்த எண்ணைச் சந்தையோடு ஒப்பிடுவதுதான் அடுத்த வேலை. 84 என்பது ஒரு வரவேற்பறைக் கனவா, நடக்கக்கூடியதா? டிரைஸ்டாருக்கு எதிரே அதே அளவில், அதே பயணத்துக்கு, டக்ளஸ் டிசி-10 நின்றது. ஒரே சந்தையை இருவர் பங்குபோட வேண்டிய நிலையில் அந்த வேகம் எட்டாத உயரம்.

1981 டிசம்பரில் டிரைஸ்டாரை நிறுத்துவதாக லாக்ஹீட் அறிவித்தது. கட்டியவை மொத்தம் 250. நாடாளுமன்றத்தில் சொன்ன 200-ஐத் தாண்டியும் திட்டம் பெருநட்டத்தில்தான் முடிந்தது. அதன் பிறகு அந்த நிறுவனம் புதிதாக ஒரு பயணிகள் விமானத்தை வடிவமைத்து விற்கவே இல்லை.