வாட்ஸ்அப்ல வந்த கேம் ஓவியத்தை ஷேர் பண்ணலாமா? காஸ்ப்ளேயரை போட்டோ எடுக்கலாமா? ரசிகர் உலகத்துக்குப் புதுசா வர்றவங்களுக்கு ஒரு கைடு

வேலோரன்ட் விளையாடுபவர்களின் குரூப்பில் ஒரு படம் வருகிறது. வெள்ளை முடி, நீல ஜாக்கெட், சுற்றிலும் மிதக்கும் கத்திகள் என அசத்தலான ஜெட் ஓவியம். கீழ் மூலை மட்டும் லேசாக வெட்டப்பட்டிருக்கிறது. உங்கள் இன்ஸ்டா பக்கத்தில் 'கிரெடிட்ஸ் டு ஓனர்' என்று எழுதிப் போட்டுவிடலாம் என நினைக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்க, அந்த மூலையில்தான் வரைந்தவரின் கையெழுத்து இருந்திருக்கும்.

'கிரெடிட்ஸ் டு ஓனர்' ஏன் போதாது?

கேம் கதாபாத்திரங்களை ரசிகர்கள் சொந்தமாக வரைவதுதான் ஃபேன் ஆர்ட். இப்படி வரைபவர்களில் பலருக்கு கமிஷன், அதாவது காசு வாங்கிக்கொண்டு கேட்டதை வரைந்து தரும் வேலை, வருமானமாக இருக்கிறது. ஓவியத்தைப் பார்ப்பவர் வரைந்தவரின் பக்கத்துக்குப் போனால்தான் அந்த வேலை கிடைக்கும். பெயரே இல்லாமல் படம் மட்டும் சுற்றினால் லைக் உங்களுக்கு வரும், அவருக்கு ஒன்றும் வராது.

வரைந்தவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

படத்தை கூகுள் லென்ஸில் போடுங்கள். நிறைய நகல்கள் வரும். அதில் வெட்டப்படாத, பெரிய அளவிலான, பழைய தேதி கொண்ட பதிவைத் தேடுங்கள். அங்கே கிடைக்கவில்லை என்றால் SauceNAO தளத்தில் முயற்சி பண்ணலாம். ஜப்பானிய ஓவியர்கள் அதிகம் இருக்கும் பிக்சிவ் தளப் படங்களை அது நன்றாகவே கண்டுபிடிக்கும்.

கிடைத்த கணக்கு அசல்தானா என்று எப்படித் தெரியும்? அதே பாணியில் வேறு ஓவியங்கள், பாதி வரைந்த ஸ்கெட்ச்கள் இருந்தால் பெரும்பாலும் அவர்தான். பல பேருடைய படங்கள் கலந்து கிடந்தால் அதுவும் ரீபோஸ்ட் பக்கம்தான்.

அடுத்து அவருடைய ப்ரொஃபைலைப் படிங்க. 'Do not repost' என்றோ, ஜப்பானிய எழுத்தில் '転載禁止' என்றோ இருந்தால் படத்தை டவுன்லோட் செய்து மறுபடி போடக் கூடாது என்று பொருள். அவருடைய பதிவை அப்படியே ரீபோஸ்ட் பட்டனில் பகிரலாம், லிங்க் அனுப்பலாம். எதுவும் எழுதவில்லை என்றால் மெசேஜில் கேட்டுவிடுங்கள். பதில் வரவில்லை என்றால் அதை 'சரி' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆள் யாரென்றே தெரியாத படத்தைப் போடாமல் விடுவதுதான் நல்லது.

பார்த்து வரையலாமா?

தாராளமாக வரையலாம். வேறொருவர் ஓவியத்தின் மேல் டிரேஸ் செய்து கை பழகுவதும் தப்பில்லை, அது உங்கள் நோட்டுக்குள் இருக்கும் வரை. அதையே சொந்த ஓவியம் என்று வெளியிட்டால்தான் சிக்கல். போஸை மட்டும் எடுத்திருந்தாலும் யாருடைய படத்தைப் பார்த்து வரைந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

காஸ்ப்ளேயரிடம் எப்படி நடந்துகொள்வது?

2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக் கான் நடந்தது. இதுபோன்ற இடங்களில் கதாபாத்திரமாகவே உடுத்தி வருபவர்கள்தான் காஸ்ப்ளேயர்கள். வேஷம் போட்டிருப்பதாலேயே யார் வேண்டுமானாலும் தொடலாம், படம் எடுக்கலாம் என்று ஆகாது. இதைச் சொல்லும் பெரிய அறிவிப்புப் பலகைகளை 2014-லேயே நியூயார்க் காமிக் கானில் வைத்தார்கள்.

"ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று முதலில் கேளுங்கள். சாப்பிடும்போது, விக் சரிசெய்யும்போது வேண்டாம். ஜெட்டின் கத்திகள் பெரும்பாலும் ஃபோமில் வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்தவை. சும்மா தொட்டுப் பார்த்தாலே பெயின்ட் உரியும், மடக்கினால் உடையும். தோளில் கை போடுவதற்கும் தனியாக அனுமதி வேண்டும். சிறுவர்கள் என்றால் பெற்றோரிடமும் கேட்க வேண்டும். எடுத்த பிறகு இன்ஸ்டா ஐடி வாங்கி டேக் பண்ணுங்க. நீக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் நீக்கிவிடுங்கள்.

'இந்தக் கலருக்கு ஜெட் செட் ஆகல' என்பது போன்ற கமென்ட் வேண்டவே வேண்டாம். அதேபோல நீங்கள் காஸ்ப்ளே செய்யும்போதும் விக், உடை, ஆயுதம் ஆகியவற்றாலேயே கதாபாத்திரத்தைக் காட்டிவிடலாம். அதற்காகத் தோல் நிறத்தை மாற்றிப் பூச வேண்டியதில்லை.

விற்கலாமா?

கதாபாத்திரத்தின் உரிமை கேம் நிறுவனத்திடம்தான் இருக்கிறது. வேலோரன்ட்டை உருவாக்கிய ரயட் கேம்ஸ், 'லீகல் ஜிப்பர் ஜாபர்' என்ற பெயரில் விதிகள் வைத்திருக்கிறது. ரசிகர்கள் இலவசமாகப் பகிரும் படைப்புகளை அது அனுமதிக்கிறது. ஆனால் நிறுவனத்தின் லோகோவைப் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் விதி மாறும். அதனால் டி-ஷர்ட், ஸ்டிக்கர் அச்சடிக்கும் முன் அந்த கேமின் விதிகளைப் படித்துவிடுங்கள். அடுத்தவர் வரைந்த படத்தை அச்சடிக்க நிறுவனம் அனுமதித்தாலும் போதாது, வரைந்தவரின் சம்மதமும் வேண்டும்.

சரி, குரூப்பில் வந்த அந்த ஜெட் படத்தை என்ன செய்யலாம்? வரைந்தவரைக் கண்டுபிடித்ததும் அவருடைய பதிவின் லிங்கை அதே குரூப்பில் போடுங்கள். அவர் பக்கத்தில் ஓவியத்தில் எது பிடித்தது என்று ஒரு கமென்ட்டும் எழுதுங்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் தன் ஓவியத்தைத் தேடி வந்திருக்கிறார் என்று அவருக்கும் தெரியட்டும்.