இ.எம்.ஐ.யா, வாடகையா?

“வாடகை கொடுத்தால் காசு போச்சு, இ.எம்.ஐ. கட்டினால் வீடு மிஞ்சும்” என்பார்கள். ஆனால் கடனுக்குக் கட்டும் வட்டியும் போன காசுதானே.

சென்னைப் புறநகரில் 80 லட்ச ரூபாய் ஃபிளாட், வாடகை 20,000 என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 16 லட்சம், பத்திரச் செலவு சுமார் 7 லட்சம். மீதி 64 லட்சம் 8.5 சதவீத வட்டியில் 20 வருடக் கடன், இ.எம்.ஐ. சுமார் 55,500. முதல் வருடம் வட்டி மட்டும் 5.4 லட்சம். பராமரிப்பும் சொத்து வரியும் அரை லட்சம். கைப்பணம் 23 லட்சத்தை 7 சதவீதத்தில் போட்டிருந்தால் வந்திருக்கும் 1.6 லட்சத்தையும் சேர்த்தால் 7.5 லட்சம். அசல் செலவல்ல, சேமிப்பு. அதைச் சேர்க்கக் கூடாது.

வருட வாடகை 2.4 லட்சம் போக வித்தியாசம் 5.1 லட்சம். ஃபிளாட் விலை அந்த வருடம் 6.4 சதவீதம் ஏறினால்தான் கணக்கு நேராகும். பத்திரச் செலவு திரும்பாது. மூன்று நான்கு வருடத்தில் விற்பவருக்கு அதுவே பெரிய அடி. வருடங்கள் போகப் போக வாடகை ஏறும், வட்டி குறையும்; தராசு வாங்கியவர் பக்கம் சாயும்.

வாடகைக்காரர் ஜெயிக்க ஒரு நிபந்தனை: மாதம் மிஞ்சும் 39,000 சொச்சத்தைச் செலவழிக்காமல் முதலீடு செய்ய வேண்டும். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான்.