தெரிந்த பாட்டுதான்... பெயர் மட்டும் வரமாட்டேங்குதா?

ஜவுளிக்கடையில் புடவை விரித்துப் போட்டிருக்கிறார்கள். மேலே ஸ்பீக்கரில் புல்லாங்குழல் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது. 'அட, இது நமக்குத் தெரிஞ்ச பாட்டாச்சே!' என்கிறது மனசு. என்ன பாட்டு? தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. பில் போட்டு, ஆட்டோவில் ஏறின பிறகும் அதே நினைப்பு. 'இந்த வயசிலேயே ஞாபகமறதியா?' என்று ஒரு சின்ன பயம் வேறு!

பயப்பட வேண்டாம். மெட்டைத் தெரிந்துகொள்வது ஒரு வேலை, பெயரைத் தேடி எடுப்பது வேறு வேலை. முதல் வேலையை உங்கள் மூளை சரியாகவே செய்து முடித்துவிட்டது. பெயர் பெரும்பாலும் பாட்டின் முதல் வார்த்தைகளோடு சேர்ந்தே மனசில் பதிந்திருக்கிறது. கடையிலும் லிஃப்ட்டிலும் வார்த்தைகளை வேண்டுமென்றேதான் எடுத்துவிடுகிறார்கள். குரல் கேட்டால் வாடிக்கையாளரின் கவனம் பாட்டுக்குப் போய்விடும் அல்லவா?

சரி, குரல் இல்லை, தாளம் மாறிவிட்டது, வேகம் பாதி, சுருதியும் வேறு. பிறகு எதை வைத்து மூளை அடையாளம் காண்கிறது? ஸ்வரத்துக்கு ஸ்வரம் உள்ள தூரத்தை வைத்துத்தான். எல்லோர் வீட்டிலும் பாடும் பிறந்தநாள் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரி ப ப த ப, பிறகு மேல் ஸ, அப்புறம் நி. இரண்டாவது வரியும் ப ப த ப என்றே ஆரம்பிக்கிறது. ஆனால் தாவல் ஒரு படி அதிகம், மேல் ரி வரை போய் ஸ-வில் இறங்குகிறது. மூன்றாவது வரியில் ப ப முடிந்ததுமே ஒரே தாவலில் மேல் ப! வரிக்கு வரி பெரிதாகும் இந்தத் தாவல்தான் அந்தப் பாட்டின் முகம். வீணையில் வாசித்தாலும் சாக்ஸபோனில் வாசித்தாலும், எந்தச் சுருதியில் ஆரம்பித்தாலும், இந்த முகம் மாறாது.

இந்த தூரத்தைக் கலைத்தால் என்ன ஆகும்? டயானா டாய்ச் என்ற ஆராய்ச்சியாளர் 1972-ல் இதைச் சோதித்தார். அமெரிக்கக் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த 'யாங்கி டூடுல்' மெட்டின் ஸ்வரங்களை மாற்றவில்லை. ஒன்றைக் கீழ் ஸ்தாயியிலும் அடுத்ததை மேல் ஸ்தாயியிலுமாகச் சிதறடித்து வாசித்துக் காட்டினார். பெரும்பாலோரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் பாட்டின் பெயரைச் சொன்ன பிறகு, அதே சிதறலில் மெட்டைப் பின்தொடர முடிந்தது! கடையில் பக்கத்தில் இருப்பவர் பெயரைச் சொன்னதும், 'ஆமா, அதேதான்!' என்று சட்டென்று தெளிவாகக் கேட்பதும் இப்படித்தான்.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். நடுவிலிருந்து யோசிக்காதீர்கள். சரணமோ, இடையில் வரும் வாத்திய இசையோ ஓடும்போது மூளையைக் கசக்கிப் பிரயோஜனமில்லை. பல்லவி திரும்பி வரும் வரை காத்திருந்து, வரியின் முதல் ஸ்வரத்திலிருந்தே 'ம்ம்...' என்று கூடவே முணுமுணுங்கள். ஒவ்வொரு ஸ்வரத்திலும் ஓர் எழுத்து உட்காரும் இடம் தெரியும். வாசிப்பவர் சேர்க்கும் கமகங்களை விட்டுவிடுங்கள், அவை பாட்டின் நகைகள்தான். இரண்டு மூன்று சுற்றில் ஏதாவது ஒரு வார்த்தை தானாக வந்து விழும். மீதி அதன் பின்னாலேயே வந்துவிடும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. நர்சரியில் பாடும் 'ட்விங்கிள் ட்விங்கிள்' பாட்டுக்கும் ஏ.பி.சி.டி. பாட்டுக்கும் மெட்டு ஒன்றேதான். வார்த்தை இல்லாமல் வாசித்தால் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா? வயசாகும்போது முதலில் குறைவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். 'ஸ', 'ச' போன்ற எழுத்துகள் அங்கேதான் இருக்கின்றன. மெட்டின் பெரும்பகுதி அதற்குக் கீழேயே ஓடுவதால், வார்த்தை புரியாத பாட்டிகூட மெட்டைச் சரியாகப் பிடித்துவிடுவார். 'மெட்டு தெரியுது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியலை' என்று அடிக்கடி சொன்னால், காது டாக்டரிடம் ஒரு தடவை செவித்திறன் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

பிறவியிலேயே மெட்டைப் பிரித்தறிய முடியாத சிலரும் உண்டு; 'அமூசியா' என்று பெயர். கேட்டும் பேசியும் மற்றபடி நன்றாகவே இருப்பார்கள். தெரிந்த பாட்டை வார்த்தையை வைத்தே அடையாளம் சொல்வார்கள். வார்த்தையை எடுத்துவிட்டால் எல்லாம் ஒரே சத்தம்தான். இது நோயல்ல, வைத்தியமும் தேவையில்லை. ஆனால் இத்தனை நாளும் மெட்டுகளை ரசித்த ஒருவருக்குத் திடீரென்று எந்தப் பாட்டும் பழகினதாகவே தோன்றவில்லை என்றால் கதை வேறு. பக்கவாதத்தில் மூளையின் பொட்டுப் பக்கம் பாதிக்கப்பட்டால் இப்படி நேரலாம். கூடவே முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சு குழறுதல் இருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள். தனியாக அது மட்டும் இருந்தாலும், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.