ஒருவர் விலகிய பின் எஞ்சியோர்: பழைய மாமல்லபுரம் சாலைத் தகவல் தொழில்நுட்பக் குழுக்களில் பணிச்சுமையும் தொடர்விலகலும்

முன்னுரை

சென்னையின் மத்திய கைலாசத்தில் தொடங்கும் இராஜீவ் காந்தி சாலை, மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொடுகிறது. மக்கள் நாவில் இது இன்றும் பழைய மாமல்லபுரம் சாலைதான். இதன் தென்பகுதியில் உள்ள சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும், செங்கல்பட்டு நகரை ஒட்டிய பரனூரின் மகிந்திரா வேர்ல்டு சிட்டியும் 2019 நவம்பரில் உருவான செங்கல்பட்டு மாவட்டத்தின் எல்லைக்குள் அமைகின்றன. டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸின் பெருவளாகம் முன்னதிலும், இன்ஃபோசிசின் வளாகம் பின்னதிலும் இருக்கின்றன.

இவ்விரு நிறுவனங்களும் காலாண்டுதோறும் பணிவிலகல் விகிதத்தை வெளியிட்டு வந்துள்ளன. முந்தைய பன்னிரண்டு மாதங்களில் தாமாக விலகியோரின் எண்ணிக்கையைச் சராசரிப் பணியாளர் தொகையால் வகுத்துப் பெறுவதே அவ்விகிதம். டாட்டா கன்சல்டன்சியில் 2021 மார்ச்சில் 7.2 விழுக்காடாக இருந்தது, 2022 மார்ச்சில் 17.4 ஆகவும் அவ்வாண்டு செப்டம்பரில் 21.5 ஆகவும் உயர்ந்தது. இன்ஃபோசிசில் 2022 மார்ச்சில் 27.7 விழுக்காடு. இவை நாடு தழுவிய, ஏன், உலகு தழுவிய எண்கள். ஒரு வளாகத்துக்கோ ஒரு குழுவுக்கோ உரியவை அல்ல. விலகியவரின் நாற்காலிக்கு அடுத்த நாற்காலியில் என்ன நிகழ்ந்தது என்பதை அவை சொல்வதில்லை. விலகியோரைப் பற்றிய எழுத்து மிகுதி. எஞ்சியோரைப் பற்றியது குறைவு. எனவே இக்கட்டுரை எஞ்சியோர் பக்கமிருந்து ஒரு வினாவை எழுப்புகிறது: விலகியவரின் வேலை யாரிடம் சேர்கிறது? அடுத்து விலகப்போவது யார் என்னும் அச்சத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பு யாது?

சுமை சமமாகப் பிரிவதில்லை

ஆறு பேர் கொண்ட ஒரு மென்பொருள் பராமரிப்புக் குழுவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் வாரத்தில் 45 மணி நேரம் உண்டு. அதில் 36 மணி நேரத்துக்கு வேலை இருக்கிறது. அதாவது பணிச்செறிவு 80 விழுக்காடு. எஞ்சிய ஒன்பது மணி நேரம் வீணானதன்று. எதிர்பாராத பழுதுகளைத் தாங்கும் இடைவெளி அது. ஒருவர் விலகினால் மொத்த வேலையான 216 மணி நேரம் ஐவருக்குப் பிரிந்து, ஆளுக்கு 43.2 மணி நேரம் ஆகும். செறிவு 96 விழுக்காடு. மேலாளரின் விரிதாளில் இது சமாளிக்கக்கூடிய எண்ணாகவே தோன்றும்.

ஆனால் அந்த இடைவெளி சுருங்கியதன் விளைவு நேர்விகிதத்தில் வருவதில்லை. வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய வடிவத்தில், ஒரே பணியாளரிடம் ஒழுங்கற்ற இடைவெளிகளில் வேலைகள் வந்து சேர்வதாகக் கொண்டால், ஒரு வேலை காத்திருக்கும் சராசரி நேரம் அதைச் செய்து முடிக்கும் நேரத்தின் இத்தனை மடங்கு என்று கணக்கிடலாம். செறிவு 80 விழுக்காடாயின் நான்கு மடங்கு. 96 விழுக்காடாயின் இருபத்து நான்கு மடங்கு. வேலை ஐந்தில் ஒரு பங்கு கூடியது. காத்திருப்போ ஆறு மடங்கானது. உண்மையான குழுவில் ஒருவருக்கொருவர் கைகொடுப்பதால் இவ்வெண்கள் குறையும். எனினும் வளைவின் வடிவம் மாறாது.

அடுத்து, சமமாகப் பிரியும் என்ற கொள்கையே நடைமுறையில் நிற்பதில்லை. விலகியவரின் 36 மணி நேரத்தில் 12 மணி நேரம் யாரும் செய்யக்கூடிய அன்றாட வேலை என்றும், 24 மணி நேரம் ஒரு குறிப்பிட்ட நிரற்பகுதியை அறிந்தவர் மட்டுமே செய்யக்கூடியது என்றும் கொள்வோம். அப்பகுதியை அறிந்த இன்னொருவர் குழுவில் ஒருவரே. அந்த 24 மணி நேரமும் அவரிடமே சேரும். அவர் தம் அன்றாட வேலையில் 12 மணி நேரத்தைப் பிறருக்குத் தள்ளிவிட்டாலும், அவருக்கு 48 மணி நேரமும் மற்ற நால்வருக்கு 42 மணி நேரமும் ஆகும். நால்வரும் நெருக்கடியில் இருக்கிறார்கள். ஒருவர் கொள்ளளவைக் கடந்துவிட்டார். வாரந்தோறும் அவரிடம் மூன்று மணி நேர வேலை தேங்கும். பதின்மூன்று வாரங்களில் அது 39 மணி நேரம். எந்தக் கூட்டத்திலும் எவரும் இதை முடிவாக எடுத்திருக்க மாட்டார்கள். தெரிந்தவரிடமே கேள்விகள் செல்லும் என்ற வழக்கத்தால் மட்டும் இது நிகழ்கிறது.

தொண்ணூறு நாள்

இந்தியப் பெருநிறுவனங்கள் பலவற்றில் விலகலுக்கான அறிவிப்புக் காலம் 90 நாள். இது எஞ்சியோருக்குப் பாதுகாப்பாக அமையும் என்பது பொதுக் கருத்து. கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. மாற்றாளும் இன்னொரு நிறுவனத்தில் அதே 90 நாளைக் கழித்தே வர வேண்டும். ஒப்புதலும் நேர்காணலும் நான்கு வாரங்களில் முடிந்தாலும், அவர் வந்து சேர 118 நாள் ஆகும். விலகியவர் சென்ற பின் குறைந்தது 28 நாள் அந்த இடம் வெற்றிடமாகவே இருக்கும். முக்கியமானது, இருவரும் ஒரு நாள்கூட ஒன்றாக அமர்வதில்லை. அறிவிப்புக் காலத்தில் இருக்கும் அம்மாற்றாள் அதைவிட மேலான வாய்ப்பைத் தேடிக்கொண்டே இருப்பதும் உண்டு. சேரும் நாளன்று அவர் வராமல் போனால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். புதிய நிறுவனம் அறிவிப்புக் கால ஊதியத்தைச் செலுத்தி ஆளை முன்கூட்டியே விடுவித்துக்கொள்ளும் இடங்களிலோ, 90 நாள் என்பது முப்பதாகவும் சுருங்கும்.

ஆகவே பணி ஒப்படைப்பு, அலுவலக வழக்கில் கே.டி., மாற்றாளுக்கு நிகழ்வதில்லை. எஞ்சியோரில் ஒருவருக்கே நிகழ்கிறது. மேலே கண்ட அதே ஒருவருக்கு. அவர் விலகுபவரிடம் கற்க நேரம் செலவிடுகிறார். பின்னர் மாற்றாளுக்குக் கற்பிக்கவும் அவரே நேரம் செலவிடுகிறார். இரு பகுதிகளை அறிந்த ஒரே ஆளாகிவிடுவதால் வெளிச்சந்தையில் அவர் மதிப்பும் கூடுகிறது. மிகுந்த சுமை ஏறியவரும் வெளியே மிக எளிதாக வேலை பெறக்கூடியவரும் ஒருவரே ஆகிறார். தொடர்விலகலின் முடிச்சு இங்கேதான் விழுகிறது என்று கருத இடமுண்டு.

இதை உணர்ந்த பணியாளர் சிலர் ஒப்படைப்பைப் பெற முன்வருவதில்லை. பெற்றவரே பொறுப்பாளர் என்பது எழுதப்படாத விதி. கூட்டம் நடக்கும், காணொளி பதிவாகும், ஆவணம் சேமிக்கப்படும். கற்றவர் என்று கைதூக்க ஆள் இருக்க மாட்டார். ஆவணத்தின் பக்க எண்ணிக்கையைக் கொண்டு ஒப்படைப்பை அளப்பது ஆகவே பயனற்றது. விலகுபவர் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்க, பெறுபவர் தனியே ஒரு பழுதைத் தீர்த்தாரா என்பதே நம்பத்தக்க சோதனை.

ஒப்பந்த வகையும் எஞ்சியோரின் நிலையைத் தீர்மானிக்கிறது. ஆள்கணக்கில், மணிக்கணக்கில் வாடிக்கையாளரிடம் கட்டணம் பெறும் ஒப்பந்தமாயின், வெற்றிடம் உடனே வருவாய் இழப்பாகிறது. நிறுவனம் பெஞ்சில் இருப்பவரை விரைந்து அனுப்பும். மொத்தத் தொகைக்குப் பேசிய ஒப்பந்தமாயின், வேலை எப்படியோ முடிகிறவரை அந்த இடத்தின் ஊதியம் மிச்சம். இரண்டாம் வகையில் ஐவர் செய்யும் அறுவர் வேலை சில மாதங்களில் ஐவர் வேலை என்றே பதிவாகிவிடும்.

அடுத்தவர் யார் என்னும் அச்சம்

விலகல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவது ஆய்வுலகில் புதிய செய்தியன்று. டேவிட் கிராக்கார்டும் லைமன் போர்ட்டரும் அமெரிக்காவில் மூன்று துரித உணவகங்களை ஆராய்ந்து 1985, 1986 ஆண்டுகளில் இரு கட்டுரைகளை வெளியிட்டனர். பணியாளர்களின் தொடர்பு வலையில் ஒத்த நிலையில் இருந்தோரிடையே விலகல்கள் கொத்தாக நிகழ்ந்தன என்பது பிந்தைய கட்டுரையின் முடிவு. முந்தைய கட்டுரையின் முடிவு எதிர்பாராதது: நெருங்கிய நண்பர் விலகிய பின் எஞ்சியோரின் பணி நிறைவு குறையவில்லை, கூடியிருந்தது. நண்பரின் விலகலுக்குக் காரணம் தேடுகையில் தாம் இருப்பதற்கான காரணத்தையும் அவர்கள் உறுதிப்படுத்திக்கொண்டனர் போலும். வில் ஃபெல்ப்சும் அவருடன் ஆய்ந்தோரும் 2009இல் வங்கிக் கிளைகளிலும் விருந்தோம்பல் நிறுவனத்திலும் நடத்திய ஆய்வு, உடன்பணியாளரின் வேலை தேடலே அந்தப் பரவலுக்கு ஊடகமாகிறது என்று காட்டியது.

சக பணியாளரை நேசித்ததால் பின்தொடர்ந்தனர் என்ற எளிய விளக்கத்துக்கு இம்முடிவுகள் இடம் தரவில்லை. நட்பைவிட நிலையொப்புமை வலிது. சிறுசேரியின் குழுவுக்கு இதைப் பொருத்தினால், அச்சம் சூழவேண்டியது விலகியவரின் தேநீர்த் தோழரை அன்று. அதே நிரற்பகுதியில் வேலை செய்யும் இரண்டாமவரை. எனினும் பொருத்துவதில் எச்சரிக்கை தேவை. உணவக ஆய்வில் இருந்தோர் பெரும்பாலும் பதின்ம வயதினர். அமெரிக்க வழக்கில் விலகுவோர் இரு வார அறிவிப்போடு மறைந்துவிடுவர். இங்கோ விலகுபவர் மூன்று மாதம் எஞ்சியோரிடையே அமர்ந்து, தம் புதிய ஊதியத்தின் உயிருள்ள விளம்பரமாகத் திகழ்கிறார். 2021–22இல் ஒரே அனுபவமுள்ள பழையவரைவிடப் புதிதாக வருபவருக்கு மிகுதியாகக் கொடுக்கப்பட்டது பரவலாக அறியப்பட்டதால், அவ்விளம்பரத்தின் வலிமை கூடியது.

இடமும் ஒரு காரணி. பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு வளாகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வீடு மாற்ற வேண்டியதில்லை. குழந்தையின் பள்ளி மாறுவதில்லை. பணிப்பிணைப்பு ஆய்வுகள் கூறும் ‘விட்டுச்செல்வதன் இழப்பு’ இங்கே சிறியது. மகிந்திரா சிட்டியில் அவ்வளவு மாற்று வாய்ப்புகள் கைக்கெட்டும் தொலைவில் இல்லை. அங்குக் குடியேறியவர் மாற நினைத்தால் பெரும்பாலும் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியே மறுபுறம் வர வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்றானபோது இவ்வேறுபாடும் மறைந்தது. திருநெல்வேலியில் தம் வீட்டில் இருந்தபடியே ஒருவர் மடிக்கணினியை மட்டும் மாற்றி நிறுவனம் மாற முடிந்தது.

அச்சம் பெரும்பாலும் தவறான குறிகளைப் படிக்கிறது. ஒருவர் அரைநாள் விடுப்பு எடுத்தால், தொலைபேசியோடு மாடிப்படிக்குச் சென்றால், லிங்க்டுஇன் பக்கத்தைப் புதுப்பித்தால் அவர்தான் அடுத்தவர் என்று பேச்சு எழும். பழுது வந்தால் அழைக்கப்படும் பெயர் எது என்பது இவற்றைவிடத் தெளிவான குறி. இரவு அழைப்புகளின் பட்டியலில் ஒரே பெயர் வாரம் தவறாமல் வருவதும், அவரிடம் உள்ள மிகப் பழைய தீர்க்கப்படாத கோரிக்கையின் வயது மாதந்தோறும் கூடுவதும் குழுவின் சொந்தப் பதிவேடுகளிலேயே காணக் கிடைப்பவை. முடித்த கோரிக்கைகளின் எண்ணிக்கை இதைக் காட்டாது. நெருக்கடியில் இருப்பவர் எளியவற்றை முடித்துக் கடினமானவற்றை ஒத்திவைப்பதால் அந்த எண்ணிக்கை சில காலம் உயரவும் கூடும்.

2024 மார்ச்சில் டாட்டா கன்சல்டன்சியின் விகிதம் 12.5 விழுக்காடாகவும் இன்ஃபோசிசின் விகிதம் 12.6 விழுக்காடாகவும் இறங்கின. இதனை எஞ்சியோரின் நிறைவாகக் கொள்வதற்கில்லை; வெளியே ஆள் எடுப்பு குறைந்ததும் அதே காலத்தில்தான். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் பிரித்துக் காட்டிய வெளியேறல், குரல் என்னும் இரு வழிகளில் முதலாவது குறுகியது. இரண்டாவது அதனால் அகலவில்லை. ஐவர் செய்த அறுவர் வேலை அப்படியே இருந்தது. 2025 ஜூலையில் டாட்டா கன்சல்டன்சி தன் பணியாளரில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, அடுத்தவர் யார் என்ற பழைய வினாவின் சொற்கள் மாறவில்லை. எழுவாய் மட்டும் செயப்படுபொருளாயிற்று.