ஏட்டின் வரியும் பாட்டின் அடியும்

பெரியோர் தம் கையால் எழுதி வைத்த அந்தாதி, வாழித்திருநாமம், தனியன் முதலிய பாடல்களைப் பெயர்த்தெழுதப் புகுவார் முதலில் தெளிய வேண்டுவது ஒன்றுண்டு. பிரதியில் காணும் வரிமுறிவு மூன்று காரணங்களால் நேரலாம். தாளின் அகலம் போதாமையால் முறிவது ஒன்று. சந்தை சொல்லும்போது ஆசிரியர் நிறுத்திய இடத்தில் முறிவது மற்றொன்று. யாப்பின் அடி முடிதலால் முறிவது மூன்றாவது. இம்மூன்றையும் ஒன்றாகக் கொண்டு கண்டபடியே எழுதினால் நான்கடிப் பாட்டு ஏழு வரியாகும். எல்லாவற்றையும் நீக்கி யாப்படியை மட்டும் நிறுத்தினால் ஓதின முறைக்கு இருந்த சான்று அழியும்.

கட்டளைக் கலித்துறையை எடுத்துக்கொள்வோம். திருவரங்கத்தமுதனார் அருளிய இராமாநுச நூற்றந்தாதியின் நூற்றெட்டுப் பாசுரமும் இந்த யாப்பே. அடிக்கு ஐந்து சீர். ஐந்தாம் சீர் விளங்காய். ஒற்று நீக்கி எண்ண, நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறெழுத்து, நிரையசையில் தொடங்குவதற்குப் பதினேழு. விளக்கத்தின் பொருட்டு யாமே அமைத்த ஓரடி பிரதியில் இவ்வாறு இருப்பதாகக் கொள்க:

பாட்டின் அடியைப் பகுத்தெழு துங்கால்
பரப்பறிந்தே

மேல்வரியை ஒற்று நீக்கி எண்ணினால் முறையே இரண்டு, மூன்று, நான்கு, இரண்டு; ஆகப் பதினோரெழுத்து. கீழ்வரியில் ஐந்து. இரண்டும் கூடப் பதினாறு. தொடக்கம் நேரசையாதலால் கணக்கு நிரம்பிற்று. கீழ்வரி கருவிளங்காயாய் நிற்பதும் அது ஐந்தாம் சீரே என்பதை உறுதிப்படுத்தும். ஆகவே இந்த முறிவு தாளால் நேர்ந்தது. பெயர்ப்பில் இரண்டையும் ஓரடியாக்கி, முறிந்த இடத்தில் ஒரு சிறு செங்குத்துக் கோடு இட்டால் போதும்:

பாட்டின் அடியைப் பகுத்தெழு துங்கால் | பரப்பறிந்தே

கூட்டியபின் பதினைந்தே வந்தால் எழுத்தொன்று விடுபட்டிருக்கலாம்; எண்ணினதில் பிழையுண்டா என மறுபடி பார்த்து, இல்லையெனின் அந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுக. ஓசைக்கு இசைய எழுத்தை நிரப்புவது பெயர்ப்பன்று, பதிப்பு. இவ்வடியில் ‘பகுத்தெழு துங்கால்’ என ஒரு சொல் இரு சீராகப் பிரிந்திருப்பதையும் நோக்குக. சொற்பொருள் கருதி அந்த இடைவெளியை மூடிவிட்டால் எழுத்தெண்ணிக்கை மாறாது. ஆயினும் பின்னர்ச் சீரெண்ணுவார்க்கு நான்கு சீரே தோன்றும்.

விருத்தங்களில் எழுத்துக் கணக்கு உதவாது; எதுகையும் மோனையுமே துணை. பெருமாள் திருமொழியின் முதற்பத்துப் போன்ற எண்சீர் விருத்தங்களில் ஓரடி நந்நான்கு சீராக இரு வரியில் அமைவது வழக்கு. அடிதோறும் முதற்சீரில் எதுகை வரும். அரையடியின் தொடக்கத்திலோ பெரும்பாலும் முன்வரியோடு மோனை மட்டுமே நிற்கும், எதுகை இராது. எதுகை பெற்ற வரிகளை எண்ணி நான்கு வந்தால் அடி நான்கும் கிடைத்துவிட்டன என்க. இத்தகைய அரையடி முறிவு பெரும்பாலும் சந்தையில் சொல்லிக்கொடுத்த துண்டோடு ஒத்திருக்கும். ஒரே பிரதியில் அது எப்பாட்டிலும் ஒரே சீரில் விழுகிறதா என்று பார்ப்பதே சோதனை. ஒருபடித்தாய் விழுந்தால் அதனைக் கோட்டால் குறியாமல் வரியாகவே காத்து, அரையடியைச் சற்று உள்ளே தள்ளி எழுதுக. ஒரு பாட்டில் நான்காம் சீரிலும் மற்றொன்றில் ஆறாம் சீரிலும் விழுந்தால் அது தாளின் செயலே.

இனிப் பாட்டிடை வெளி. பக்கம் மாறும் இடத்திலேயே இது பெரிதும் தவறும். பாட்டின் நடுவில் பக்கம் முடிந்தால், அடுத்த பக்கத்து முதல் வரிக்குமுன் வெற்றுவரி விடலாகாது. பாட்டு முடிவும் பக்க முடிவும் ஒன்றாயின் பிரதியில் வெளியே தோன்றாது. பெயர்ப்பில் அது விடப்படல் வேண்டும். அந்தாதித் தொடையுள்ள நூலில் ஐயத்திற்கு இடமில்லை: முன்பாட்டின் ஈற்றுச் சொல்லோ எழுத்தோ பின்பாட்டின் முதலாய் வந்திருந்தால், பாட்டு அங்கே முடிந்தது. வெண்பாவாயின் ஈற்றடி முச்சீராய் இறுவதே அடையாளம். பாட்டெண் பிரதியில் இருந்தால் நன்று. ஆயினும் சிலர் எண்ணைப் பாட்டின் தலையிலும் சிலர் ஈற்றிலும் இடுவராதலால், அதனை மட்டும் நம்பி வெளி விடுதல் கூடாது. பதிகம் முடிந்து அடுத்த பதிகம் தொடங்குமிடத்தில் மூலத்தில் விட்ட வெளி பாட்டிடை வெளியினும் மிகுதியாயின், பெயர்ப்பிலும் இரட்டை வெற்றுவரி விட்டு அவ்வேறுபாட்டைக் காக்க.

கணிப்பொறியில் எழுதுவார் உள்தள்ளலை வெற்றிடத்தை மீண்டும் மீண்டும் தட்டி அமைத்தால், எழுத்துரு மாறியவுடன் அது நிலைகுலையும். Tab விசையால் ஒரே அளவாய்த் தள்ளுவதே தகும். மூலத்து ஒரு பக்கத்தைப் பெயர்த்து முடித்தவுடன், அதன் வரிகளையும் பெயர்ப்பில் உள்ள வரிகளோடு கோடுகளையும் கூட்டி எண்ணி ஒத்துப்பார்த்தபின்னரே அடுத்த பக்கத்திற்குச் செல்க.