இளஞ்சிவப்பில் நிறுத்து

தரம் பார்த்தலில் பிள்ளைகள் தடுமாறுவது கணக்கில் அல்ல, பியூரெட்டின் குழாயை மூடும் நேரத்தில். குடுவை அடர் ரோஸ் நிறமானதும், “சார், வந்துடுச்சு!” என்று குரல் வரும். உண்மையில் அது வந்து, தாண்டியும் போய்விட்டது.

செறிவு தெரியாத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒன்று இருக்கிறது. அதை அளக்க 0.1 N ஆக்சாலிக் அமிலம் கைவசம் உண்டு. பியூரெட்டை முதலில் தண்ணீரிலும், பிறகு அதே காரக் கரைசலிலும் அலசி நிரப்ப வேண்டும். நுனியில் காற்றுக் குமிழி இருந்தால் வெளியேற்றிவிட்டு, புனலையும் எடுத்துவிடுங்கள். பிப்பெட்டை அமிலத்தில் அலசி, 20 மி.லி. அமிலத்தைக் கூம்புக் குடுவையில் விட வேண்டும். குடுவையை மட்டும் வாலை வடிநீரால்தான் கழுவ வேண்டும். அமிலத்தால் அலசினால் ஒட்டியிருக்கும் துளிகளும் கணக்கில் சேர்ந்துவிடும்.

இனி இரண்டு சொட்டு பினாப்தலீன். ஆக்சாலிக் அமிலம் வீரியம் குறைந்தது; முழுதும் நடுநிலையாகும்போது கரைசல் சற்றே காரத்தன்மையோடு இருக்கும். பினாப்தலீன் நிறம் மாறுவதும் அந்த இடத்தில்தான். மெத்தில் ஆரஞ்சு போட்டால் அமிலம் தீருமுன்பே நிறம் மாறி ஏமாற்றிவிடும்.

குடுவைக்கு அடியில் வெள்ளைத்தாள் வைத்துக்கொண்டு, சுழற்றியபடியே காரத்தை விடுங்கள். முதலில் சொட்டு விழும் இடத்தில் சிவப்பு தெரிந்து, உடனே மறையும். அது மறைய நேரம் எடுக்கத் தொடங்கினால் முடிவு நிலை நெருங்குகிறது. அப்போது ஒவ்வொரு சொட்டாக விடுங்கள். குடுவை முழுவதும் மெல்லிய இளஞ்சிவப்பு பரவி, அரை நிமிடம் நின்றால் நிறுத்திவிடலாம். சில நிமிடங்களில் அது மங்கினால் பதற வேண்டாம். காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடின் வேலை அது.

ஒரு மாணவிக்கு முதல் முறை 18.8 மி.லி. செலவானது, நிறம் அடர்த்தியாக இருந்தது. அடுத்த இரு முறையும் 18.4. ஒத்துவந்த இந்த அளவைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றையும் சேர்த்துச் சராசரி போடக் கூடாது.

V₁N₁ = V₂N₂
20 × 0.1 = 18.4 × N₂
N₂ = 0.1087 N

சோடியம் ஹைட்ராக்சைடின் சமான எடை 40. ஆகவே லிட்டருக்கு 0.1087 × 40 = 4.35 கிராம். முதல் அளவீட்டை நம்பியிருந்தால் 4.26 கிராம் என்று வந்திருக்கும். ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மி.லி. என்றால், இந்த வித்தியாசம் வெறும் எட்டுச் சொட்டு.

வேலை முடிந்ததும் பியூரெட்டை உடனே தண்ணீரால் கழுவிவிடுங்கள். காரம் தங்கினால் கண்ணாடித் திருகு இறுகிக்கொள்ளும், அடுத்த வகுப்புக்கு அந்தப் பியூரெட் கிடைக்காது.