சிவப்பு மையில் எழுதியது எழுதியபடி

காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் திருத்தித் தரப்படும் வாரத்தில், ஆங்கில வழிப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் ஒரு சின்ன மொழிபெயர்ப்பு வேலை நடக்கிறது. தாளில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவுக்குத் தமிழ்தான் படிக்க வரும். ஆசிரியர் ஓரத்தில் எழுதியிருப்பதோ ஆங்கிலம். "மிஸ் என்ன எழுதியிருக்காங்க?" என்று அம்மா கேட்டால், பதில் சொல்வது பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான். அதில் நம்பிக்கை இல்லையென்றால் தாளைப் படமெடுத்து, வெளியூர்ச் சித்தப்பாவுக்கோ டியூஷன் அக்காவுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்.

இவர்களில் யாரும் வெறும் வாசகர் இல்லை. திட்டு வாங்கப்போகிற பிள்ளை குறிப்பைக் குறைத்துச் சொல்கிறது. பிள்ளை படிக்க வேண்டும் என்ற அக்கறையில் சித்தப்பா கொஞ்சம் ஏற்றிச் சொல்கிறார். பிள்ளைக்கு அடி விழுமோ என்று அக்கா மெழுகிச் சொல்கிறாள். மூவருக்கும் ஆங்கிலம் தெரியும், மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அம்மாவின் காதில் விழுவது மூன்று வெவ்வேறு ஆசிரியர்களின் குரல்.

இதனால் விளைவுகள் மாறும் என்பதற்கு ஆய்வும் உண்டு. உளவியலாளர்கள் அவ்ரகாம் க்ளூகரும் ஏஞ்சலோ டெனிசியும் பின்னூட்டம் பற்றிய பழைய ஆய்வுகளைத் திரட்டி 1996இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டம் உதவுகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது. கவனம் செய்த வேலையை விட்டுச் செய்த ஆளின் மேல் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஓரக்குறிப்பை மொழிபெயர்ப்பவர் கையில் இருப்பதும் இதே திருப்பம்தான். விடையைப் பற்றி ஆசிரியர் எழுதிய சொல்லைப் பிள்ளையைப் பற்றிய சொல்லாக ஒரே விகுதியால் மாற்றிவிடலாம்.

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 50க்கு 31 மதிப்பெண். ஓரத்தில் சில குறிப்புகள், முகப்பில் ஒன்று. தமிழாக்கத்துக்கு முன் படத்தைச் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் தொனிக் கோளாறுகளில் பல அங்கேயே தொடங்குகின்றன. தாள்கள் இடது மூலையில் நூலால் கட்டப்பட்டிருக்கும். ஓரக்குறிப்பு இருப்பதும் இடது பக்கம்தான். கட்டு இருக்கிற இடத்தில் தாள் வளைந்து நிற்பதால் குறிப்பின் முதல் சொல் படத்தில் விழாமல் போகலாம். அப்படி விழாமல் போன சொல் 'நாட்' என்றால் பொருளே தலைகீழாகிவிடும். பின்பக்கத்து மை ஊடுருவித் தெரிந்தால் அது அடிக்கோடுபோலவும், அடித்தல்போலவும் தோன்றும். ஃப்ளாஷ் போட்டால் பளபளப்பில் சிவப்பு மை வெளுத்துவிடும்.

ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுப்பது நல்லது. முதலில் முழுப்பக்கம், பிறகு ஓரம் மட்டும் கிட்டத்தில் என்று இரண்டு படங்கள் வேண்டும். கிட்டத்தில் எடுத்த படம் எழுத்தைக் காட்டும். குறிப்பு எந்த வரிக்கு நேராக இருக்கிறது, பக்கத்தில் எத்தனை மதிப்பெண் என்பதை முழுப்பக்கப் படம் காட்டும். வாட்ஸ்அப் படங்களைச் சுருக்கி அனுப்புவதால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் எழுத்து சிதையாது.

இனிக் குறிப்புகளைப் பார்க்கலாம்.

வேகத்தை 5 விநாடியில் 5 m/s-இலிருந்து 20 m/s ஆகக் கூட்டும் வண்டியின் முடுக்கம் என்ன என்று ஒரு கணக்கு. மாணவன் a = (v − u)/t என்ற சூத்திரம் போட்டு, 3 என்று சரியாகவே விடை எழுதியிருக்கிறான். m/s² என்ற அலகை மட்டும் விட்டுவிட்டான். ஓரத்தில் ஆசிரியர் 'யூனிட்?' என்று எழுதி அரை மதிப்பெண் குறைத்திருக்கிறார். தமிழில் 'அலகு?' என்றால் போதும். 'அலகு எங்கே?' என்று எழுதினால் அதட்டல் வந்துவிடுகிறது. 'அலகு எழுத மறக்காதே' என்றால் அன்பான அறிவுரை ஆகிவிடுகிறது. ஆசிரியர் இரண்டையும் எழுதவில்லை. ஒரு சொல்லும் ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறார். தமிழிலும் அவ்வளவே நிற்கட்டும்.

அடுத்தது, வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்ட ஐந்து மதிப்பெண் கேள்வி. மாணவன் இரண்டுக்கும் வரையறை எழுதிவிட்டு, இயக்கத்தைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் ஒன்றரைப் பக்கம் நிரப்பியிருக்கிறான். 'நாட் டு த பாயிண்ட்' என்பது குறிப்பு, மதிப்பெண் 2. சித்தப்பா இதை 'சம்பந்தமே இல்லாம எழுதியிருக்கான்' என்று சொல்லக்கூடும். அந்த 'மே' தமிழில் பெரிய வேலை செய்கிறது: எழுதியது முழுக்க வீண் என்கிறது. அப்படியானால் 2 மதிப்பெண் எப்படி வந்தது? மறுபுறம், 'இன்னும் சுருக்கமாக எழுதலாம்' என்பது குறையை நீளத்தின் மேல் போட்டுவிடுகிறது. ஆனால் குறை நீளத்தில் இல்லை. கேட்ட வேறுபாட்டை அவன் எழுதவில்லை. 'கேட்டதற்கு நேரான பதில் இல்லை' என்பது ஆசிரியர் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

மூன்றாவது ஒரு படக் கேள்வி. செல்லின் படத்தில் இரண்டு பாகங்களின் பெயர்கள் இடம் மாறியிருக்கின்றன. பக்கத்தில் 'கேர்லெஸ்' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு இட்டிருக்கிறார். தமிழாசிரியர்கள் தாளில் வழக்கமாக எழுதும் 'கவனம் தேவை' உடனே நினைவுக்கு வரும். ஆனால் 'கவனம் தேவை' இனிமேல் வேண்டியதைச் சொல்கிறது. ஆசிரியர் சொன்னது நடந்துவிட்ட ஒன்றை. அதனால் அது ஒரு படி தணிந்துவிடுகிறது. 'கவனமில்லாத பையன்' என்றால் படத்தில் இருந்த பிழை பையன் மேல் ஒட்டிக்கொள்கிறது. 'கவனக்குறைவு' என்ற பெயர்ச்சொல் பொருந்தும். அது வேலையைப் பற்றியே பேசுகிறது, சமாதானமும் சொல்லவில்லை. இரட்டை அடிக்கோட்டைச் சொல்லுக்குள் திணிக்காமல், பக்கத்தில் சதுர அடைப்புக்குள் [இருமுறை அடிக்கோடு] என்று எழுதிவிடலாம். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதியிருந்தாலும் இதுவே வழி, ஏனென்றால் தமிழ் எழுத்தில் பெரியது சிறியது என்ற பேதம் இல்லை. 'படுகவனக்குறைவு' என்று அடைமொழி சேர்த்து அதை ஈடுகட்டினால், ஆசிரியர் எழுதாத சொல் ஒன்று தாளில் ஏறிவிடும்.

இன்னொரு விடைக்குப் பக்கத்தில் 'ஃபேர்' என்று மட்டும் இருக்கிறது. அகராதியைப் புரட்டுவதைவிட அதே தாளைப் புரட்டுவது இங்கே நல்லது. இந்த ஆசிரியர் ஐந்துக்கு ஐந்து போட்ட இடத்தில் 'வெரி குட்', நான்கு போட்ட இடத்தில் 'குட்', மூன்று போட்ட இடத்தில் 'ஃபேர்' என்று எழுதியிருக்கிறார். அவருடைய ஏணி தெரிந்துவிட்டது. 'மிக நன்று', 'நன்று' என்ற இரண்டும் தமிழ் விடைத்தாள்களில் பழகிய சொற்களே. அடுத்த படிக்கு 'சுமார்' என்றால் அலட்சியம் கலக்கிறது. 'பரவாயில்லை' என்றால் ஆறுதல் கலக்கிறது. 'ஓரளவு சரி' மூன்று மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் உறுத்தாமல் உட்காருகிறது. 'சாடிஸ்ஃபேக்டரி' என்ற குறிப்பிலும் இதே எச்சரிக்கை வேண்டும். அதைத் 'திருப்தி' என்று சொன்னால் தமிழில் பாராட்டாகக் கேட்கும். பல ஆசிரியர்களின் ஏணியில் அது 'குட்'டுக்குக் கீழே இருக்கிறது.

கடைசியில், முகப்பில்: 'யூ கேன் டூ மச் பெட்டர் தேன் திஸ். சீ மீ.'

ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான். தமிழ் இங்கே ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். பதினான்கு வயது மாணவனிடம் ஆசிரியர் பேசுவது 'நீ' என்றுதான். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மரியாதையாக இருக்கட்டும் என்று 'நீங்கள்' போட்டால், குறிப்பு தங்களுக்கு எழுதப்பட்டதாகப் பெற்றோர் நினைத்துவிட வாய்ப்புண்டு. வினைமுற்றிலும் கவனம் வேண்டும். 'இதைவிட நன்றாகச் செய்திருக்கலாம்' என்பது போனதைச் சொல்லிக் குத்துகிறது. ஆசிரியர் எழுதியது நிகழ்காலத்தில், மாணவனின் திறமையைப் பற்றி. 'மச்' என்ற சொல்லையும் விடக்கூடாது, அதில் நம்பிக்கையும் ஏமாற்றமும் சேர்ந்தே இருக்கின்றன. எனவே: 'உன்னால் இதைவிட மிக நன்றாகச் செய்ய முடியும்.' அடுத்த வாக்கியம் 'என்னை வந்து பார்.' இதில் 'பார்க்கவும்' என்றால் அலுவலகச் சுற்றறிக்கை வாடை அடிக்கும். 'பெற்றோரோடு வா' என்பது தாளில் இல்லவே இல்லை. பதறும் பிள்ளையோ பதறவைக்க நினைக்கும் பெரியவரோ அதைச் சேர்த்துவிடுவது உண்டு.

தொனி சரியாக வந்ததா என்று அறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. விடைத்தாளைப் பார்க்காத ஒருவரிடம் தமிழ்க் குறிப்புகளை மட்டும் காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எவ்வளவு மதிப்பெண் இருக்கும் என்று கேட்கலாம். 'கேட்டதற்கு நேரான பதில் இல்லை' என்பதற்கு அவர் ஒன்றோ இரண்டோ சொன்னால் சரி. பூஜ்யம் என்றால் மொழிபெயர்ப்பு கூர்ந்துவிட்டது. நான்கு என்றால் மழுங்கிவிட்டது.

படத்தால் தீர்க்க முடியாதவையும் உண்டு. சில ஆசிரியர்கள் வகுப்பின் எல்லாத் தாள்களிலும் இருமுறை அடிக்கோடு இடுவார்கள். சிலர் வருடத்துக்கு ஒருமுறைதான் இடுவார்கள். அதே ஆசிரியர் திருத்திய பழைய தாள்கள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எழுத்தே புரியாத இடத்தில் ஊகிக்காமல் [படிக்க முடியவில்லை] என்று எழுத வேண்டும். சான்றிட்ட மொழிபெயர்ப்புகளிலும் இதுதான் வழக்கம். பாதி புரிந்த சொல்லை முழுதாக்குவது கருணையாலோ கோபத்தாலோ நடக்கும், தாளில் உள்ளதால் நடக்காது.

இப்படிச் செய்தால் அம்மாவுக்குப் போகும் செய்தி இந்த வடிவில் இருக்கும். முகப்பு: 'உன்னால் இதைவிட மிக நன்றாகச் செய்ய முடியும். என்னை வந்து பார்.' முடுக்கக் கணக்கு, அரை மதிப்பெண் குறைவு: 'அலகு?' வேறுபாட்டுக் கேள்வி, 5க்கு 2: 'கேட்டதற்கு நேரான பதில் இல்லை.' செல் படம்: 'கவனக்குறைவு' [இருமுறை அடிக்கோடு]. 5க்கு 3 வாங்கிய விடை: 'ஓரளவு சரி.' கீழே அனுப்பியவரின் சொந்தக் கருத்து தனி வரியாக, தன் பெயரோடு: 'அண்ணி, கணக்கு அவனுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு. நாளைக்கு அவனையே மிஸ்ஸைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்க.' சித்தப்பாவின் அக்கறைக்கு அந்த வரியில் இடம் இருக்கிறது, ஆசிரியரின் வரிகளுக்குள் இல்லை.